ஆக்ஸிமீட்டர் 98 காட்டும்போது அழுத்த அறை எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. இடது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே வந்த புண் நாலு மாதமாக ஆறவில்லை. எலும்பு வரை போய்விட்டது என்கிறார்கள். ஹைப்பர்பேரிக் அறையில் வைத்து முப்பது சிட்டிங் ஆக்சிஜன் கொடுக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னார். ஆனால் விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 98 காட்டுகிறது. ஏற்கெனவே நிறைந்திருப்பதில் இன்னும் எதை நிரப்பப் போகிறார்கள்? வீட்டில் வைத்துக்கொள்ள, காற்றடித்து ஊதும் அறை கிடைக்கிறதாம். அது போதுமா?

பதில்: ஆக்ஸிமீட்டர் பொய் சொல்லவில்லை. அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? 98 என்றால் இன்னும் இரண்டே சதவீதம் இடம் பாக்கி. அந்த வழியில் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று நீங்கள் நினைத்தது முழுக்கச் சரி.

ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு போவது. இன்னொன்று, பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியில் கரைந்து போவது. சோடாவில் வாயு கரைந்திருப்பது போலத்தான் இதுவும். 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமப்பது ஏறக்குறைய 20 மி.லி. ஆக்சிஜன். கரைந்திருப்பது வெறும் 0.3 மி.லி. இவ்வளவு அற்பமாக இருப்பதால் சாதாரண நாளில் நாங்கள் யாரும் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆக்ஸிமீட்டருக்கு அது கண்ணிலேயே படாது.

ஹீமோகுளோபினுக்கு இருக்கை எண்ணிக்கை உண்டு, நிறைந்தால் நிறைந்ததுதான். கரைவதற்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. திரவத்தின் மேல் ஒரு வாயு எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு கரையும். அழுத்தம் இரட்டித்தால் கரைவதும் இரட்டிக்கும். ஹென்றி விதி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், அதேதான். நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தத்தை ஒவ்வொரு மில்லிமீட்டர் பாதரசம் கூட்டும்போதும் 100 மி.லி. ரத்தத்தில் 0.003 மி.லி. ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும்.

இப்போது அப்பாவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணக் காற்றை மூச்சிழுக்கும்போது தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இறுக்கமான முகக்கவசம் போட்டுச் சுத்தமான ஆக்சிஜனைக் கொடுத்தால் அது 600-ஐத் தாண்டும், கரைவது 2 மி.லி. ஆகும். அறைக்கு வெளியே அதற்கு மேல் உயர்த்த முடியாது, ஏனென்றால் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் மொத்த அழுத்தமே 760 மில்லிமீட்டர்தான். அதில் நீராவிக்கும் கரியமில வாயுவுக்கும் ஒரு பங்கு போய்விடுகிறது. மேலே போக வேண்டுமானால் சுற்றியுள்ள அழுத்தத்தையே உயர்த்த வேண்டும். அதற்குத்தான் அந்த அறை. சர்க்கரைப் புண்ணுக்கு வழக்கமாக 2 முதல் 2.5 வளிமண்டல அழுத்தம் வைப்போம். 2.4 என்று வைத்துக்கொண்டால் கடலில் 14 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். அங்கே சுத்த ஆக்சிஜனை மூச்சிழுத்தால் தமனியில் 1400, 1500 வரை போகும். கரைவது நாலரை மி.லி.க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஓய்வில் இருக்கும் உடம்பு ஒவ்வொரு 100 மி.லி. ரத்தத்திலிருந்தும் எடுத்துக்கொள்வது சுமார் 5 மி.லி. ஆக்சிஜன். அதாவது உடம்பின் தேவைக்குக் கிட்டத்தட்டப் போதுமான அளவை, சிவப்பணுவின் தயவே இல்லாமல் பிளாஸ்மா மட்டுமே சுமக்கத் தொடங்கிவிடுகிறது. இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற அறுவை மருத்துவர், பன்றிகளின் ரத்தத்தை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டு, பிளாஸ்மா போன்ற திரவத்தை ஏற்றி, 3 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்து வைத்தார். ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட இல்லாமலே அவை உயிரோடு இருந்தன. 1960-இல் அதை வெளியிட்டார்.

சரி, ஆனால் கூர்ந்து பார்த்தால் இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். மொத்த ஆக்சிஜன் 20 மி.லி.யிலிருந்து 25-க்குத்தானே போயிருக்கிறது? கால் பங்குதான் கூடுதல். நாலு மாதமாக ஆறாத புண் அதற்காக மனம் மாறிவிடுமா?

மாறுவதற்குக் காரணம் அளவைவிட அழுத்தம். ரத்தக் குழாயிலிருந்து திசுவுக்குள் ஆக்சிஜன் தானாகத்தான் பரவிப் போக வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு போக யாரும் இல்லை. தள்ளுவது குழாய்க்கும் திசுவுக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம் மட்டுமே. அப்பாவின் புண்ணில் நுண்குழாய்கள் பல அடைந்து போயிருக்கும். நல்ல திசுவில் ஒரு செல்லுக்கு ஒரு மயிரிழை தூரத்தில் குழாய் இருக்கும் என்றால், இங்கே பக்கத்துக் குழாய் பல மடங்கு தள்ளி இருக்கும். நடுவில் வீக்கநீர் வேறு. 100 மில்லிமீட்டர் அழுத்தத்தில் கிளம்பும் ஆக்சிஜன் பாதி வழியிலேயே செலவாகிவிடும், நடுவில் உள்ள செல்களுக்குக் கிடைக்காது. அழுத்தம் 1400 ஆனால் அதே குழாயிலிருந்து மூன்று நான்கு மடங்கு தூரம் போகும். மொத்த ஆக்சிஜன் கால் பங்கு கூடியது, தள்ளும் விசையோ பதினாலு மடங்கு கூடியது.

அங்கே போய் அது என்ன செய்கிறது? பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளையணுக்கள் அதைக் கொல்வது ஆக்சிஜனிலிருந்து தயாரிக்கும் ரசாயனத்தால். ஆக்சிஜன் இல்லாவிட்டால் விழுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். புண்ணை மூடும் கொலாஜன் நார்கள் முறுக்கேறி உறுதியாவதற்கும் ஆக்சிஜன் வேண்டும். இன்னொன்று, அறைக்குள் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கும். இது கெடுதல் போலத் தோன்றும், ஆனால் வரும் ரத்தம் குறைந்தாலும் அதில் ஆக்சிஜன் ஏராளமாக இருப்பதால் நிகர லாபம்தான், கூடவே வீக்கமும் வடியும். வெளியே வந்த சில நிமிடங்களில் தமனியில் ஆக்சிஜனின் அளவு பழைய நிலைக்கு இறங்கிவிடும். அப்படியானால் நாள் முழுக்க என்ன பலன் என்று கேட்பீர்கள். தினமும் ஒருமுறை ஏறி இறங்கும் அந்த அலைதான் புதிய நுண்குழாய்கள் முளைப்பதற்கான தூண்டுதல். இரண்டு மூன்று வாரத்தில் அவை வளர்கின்றன. அதனால்தான் முப்பது சிட்டிங். நாலைந்து நாளில் பலன் தேடாதீர்கள்.

இதுவரை சொன்னது எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதுதான் உங்கள் அப்பா விஷயத்தில் முக்கியம். பிளாஸ்மாவில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருந்தாலும் அந்தப் பிளாஸ்மா பாதம் வரை வந்து சேர வேண்டும். தொடையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ பெரிய தமனி அடைத்திருந்தால் அறை எதையும் சாதிக்காது. இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். புண்ணுக்குப் பக்கத்துத் தோலில் ஒரு சிறிய உணர்கருவியை ஒட்டி, அந்த இடத்தை 44 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, தோல் வழியே வெளிவரும் ஆக்சிஜனின் அழுத்தத்தைப் படிப்பார்கள். தோல்வழி ஆக்சிஜன் அளவீடு என்பார்கள். கால் மணி, இருபது நிமிடம் படுத்திருந்தால் போதும், வலி கிடையாது. சாதாரணக் காற்றில் 40-க்குக் கீழே இருந்தால் அந்தத் திசுவுக்கு ஆக்சிஜன் பற்றவில்லை என்று அர்த்தம். 40-க்கு மேல் தாராளமாக இருந்தால் புண் ஆறாததற்கு வேறு காரணம் தேட வேண்டும். அதன்பின் அறைக்குள் அழுத்தத்தில் ஒருமுறை அளப்போம். 200-ஐத் தாண்டினால் நம்பிக்கையோடு தொடரலாம். 100-க்குக் கீழேயே நின்றால் சிகிச்சை பெரும்பாலும் தோற்கும்.

ஒருமுறை ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் புண், எலும்புத் தொற்றோடு. முதலாமவருக்குக் காற்றில் 22, முகக்கவச ஆக்சிஜனில் 70, அறைக்குள் 340. தமனிகள் ஓரளவு திறந்திருந்தன, நுண்குழாய்கள்தான் பழுது. கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி எடுத்து, ஆன்டிபயாடிக் தொடங்கி, அறைக்குள் விட்டோம். இருபதாவது சிட்டிங்கில் வெளிக்காற்றிலேயே 38 வந்தது, புதுக் குழாய்கள் முளைத்ததற்கு அதுதான் அத்தாட்சி. முப்பது முடிந்தபோது புண் மூடவில்லை. ஆனால் குழி முழுக்கச் செக்கச்செவேல் என்று சதை நிரம்பியிருந்தது. அதோடு அறையை நிறுத்திவிட்டோம். மூடுவதற்கு இன்னும் ஐந்து வாரம் ஆனது.

இரண்டாமவருக்குக் காற்றில் 9, அறைக்குள் 48. அவருடைய கணுக்கால் ரத்த அழுத்தம் இயல்பாகவே இருக்கிறது என்று பழைய சீட்டில் எழுதியிருந்தார்கள். சர்க்கரைக்காரர்களின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுவதால் அந்த அளவு பொய்யாக உயர்ந்து நிற்கும், கால் விரலில் அளப்பதுதான் நம்பகம். ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னால் முழு அடைப்பு. ஆஞ்சியோபிளாஸ்டி செய்த பிறகு வெளிக்காற்றிலேயே 41 வந்துவிட்டது. ஒரு சிட்டிங்கும் இல்லாமலே ஆறினார். அவரை நேராக அறைக்குள் அனுப்பியிருந்தால் முப்பது நாளும் வீண், அதற்குள் விரல்கள் கறுத்திருக்கும்.

ஆகவே உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: காலின் தமனிகளைப் பார்த்தாயிற்றா, தோல்வழி அளவு எவ்வளவு? இதற்குப் பதில் இல்லாமல் முப்பது என்று எண் மட்டும் சொன்னால் நான் தயங்குவேன். அளவீட்டிலும் ஒரு எச்சரிக்கை: உள்ளங்காலின் தடித்த தோலிலோ, வீங்கிச் சிவந்த இடத்திலோ ஒட்டினால் எண் பொய்யாகக் குறையும். பாதத்தின் மேல்புறத்தில், புண்ணுக்குக் கிட்டே ஒட்டுவார்கள். ஒப்பிடுவதற்கு மார்பிலும் ஒன்று.

ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வில் 94 பேர் சேர்ந்தார்கள். ஒரு வருடத்தில் அழுத்த ஆக்சிஜன் பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கும், அறைக்குள் அழுத்தத்தில் வெறும் காற்று பெற்றவர்களில் 29 சதவீதத்தினருக்கும் புண் முழுதாக ஆறியது. பின்னால் 120 பேரை வைத்துச் செய்த டச்சு ஆய்வில் கால் காப்பாற்றப்படுவதில் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. அங்கே கணிசமானோர் சிகிச்சையை முழுதாக முடிக்கவும் இல்லை. என் கருத்து, யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. எல்லாச் சர்க்கரைப் புண்ணுக்கும் இது வேண்டாம். மேலோட்டமான புண்ணுக்கு வேண்டவே வேண்டாம். எலும்பு வரை போய், ஒரு மாதம் ஒழுங்கான சிகிச்சை செய்தும் அசையாமல் நிற்கும் புண்ணுக்குத்தான் இது.

ஒழுங்கான சிகிச்சை என்பதில் முதலில் வருவது அந்தக் காலில் பாரம் விழாமல் பார்ப்பது. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இங்கேதான். அறைக்குள் இரண்டு மணி நேரம் ஆக்சிஜன் வாங்கிவிட்டு, அதே செருப்பில் அதே புண்ணை மிதித்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போவார்கள். பெருவிரலுக்குக் கீழே உள்ள இடத்தில்தான் ஒவ்வொரு அடியின் கடைசி உந்தலும் விழுகிறது. பாரத்தை விலக்கும் மாவுக்கட்டோ, கழற்ற முடியாத காலணியோ போடாமல் முப்பது சிட்டிங் போவது வீண் வேலை.

அறைக்குள் என்ன நடக்கும் என்று அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அழுத்தம் ஏறும். அப்போது கொஞ்சம் சூடாக இருக்கும், விமானம் இறங்கும்போது போலக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதவோ, எச்சில் விழுங்கவோ வேண்டும். வலித்தால் உடனே கையைக் காட்ட வேண்டும், அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பொறுத்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்களுக்குத்தான் காது ஜவ்வு கிழிகிறது. இந்தச் சிகிச்சையில் மிகச் சாதாரணமாக வரும் தொல்லை காதுதான், எனவே சளி பிடித்த நாளில் போக வேண்டாம். அப்புறம் தொண்ணூறு நிமிடம் ஆக்சிஜன். நடுவில் இரண்டு முறை ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று கொடுப்பார்கள். இவ்வளவு அழுத்தத்தில் ஆக்சிஜன் மூளையை உறுத்தி வலிப்பை உண்டாக்கக்கூடும். அரிதுதான், ஆனால் அந்த இடைவேளை அதற்காகவே. உதடு துடிப்பது, குமட்டல், காதில் ரீங்காரம், பார்வை குழாய்க்குள் பார்ப்பது போலச் சுருங்குவது, இவற்றில் எது வந்தாலும் அப்பா உடனே சொல்ல வேண்டும்.

சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு பிரத்தியேகச் சிக்கல் உண்டு. அறைக்குள் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கும். இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வந்த ஒருவர் பதினோராவது சிட்டிங்கில் உள்ளே வியர்த்து நடுங்கிவிட்டார். அதிலிருந்து 120-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் உள்ளே விடுகிறோம். உள்ளே சர்க்கரை இறங்கினால், அறையின் அழுத்தத்தைக் குறைத்துக் கதவைத் திறக்க நிமிடங்கள் ஆகும், அதனால் முன்னெச்சரிக்கை வெளியிலேயே இருக்க வேண்டும்.

உள்ளே போகவே கூடாதவர்களும் உண்டு. நுரையீரலில் காற்றுக் கசிவு இருந்து சிகிச்சை செய்யப்படாதவர்கள் கண்டிப்பாகக் கூடாது. வெளியே வரும்போது அழுத்தம் குறைய, கசிந்த காற்று விரிந்து நெஞ்சை நசுக்கிவிடும். அப்பா புகைபிடித்தவர் என்றால் மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் ஆரம்பிக்க விடாதீர்கள். ப்ளியோமைசின் போன்ற புற்றுநோய் மருந்து எப்போதாவது எடுத்திருந்தாலும் சொல்ல வேண்டும்.

இனி வீட்டுக்கான ஊதும் அறை. அதில் பொதுவாக 1.3 வளிமண்டலம்தான் வரும், உள்ளே அடிப்பது சாதாரணக் காற்று. மேலே போட்ட கணக்கையே இதற்கும் போட்டால் நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் 150-க்குக் கிட்டே வரும். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வைத்தாலே ஏறக்குறைய அவ்வளவு கிடைத்துவிடும். 1400 எங்கே, 150 எங்கே! உள்ளே ஒரு செறிவூட்டியின் முகக்கவசத்தை மாட்டினாலும், வார்டில் படுத்துக்கொண்டு நல்ல முகக்கவசத்தில் மூச்சிழுப்பதைவிடப் பெரிதாக எதுவும் நடக்காது, ஆனால் தீ ஆபத்து கூடும். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் சின்னப் பொறிகூடக் கண்மூடித் திறப்பதற்குள் பெருந்தீயாகிவிடும். நாங்கள் பருத்தித் துணி மட்டுமே அனுமதிப்பதும், தலையில் எண்ணெய், கையில் போன், கடிகாரம், காதுக் கருவி எல்லாவற்றையும் வெளியே வாங்கி வைப்பதும் அதற்காகவே. வீட்டில் அதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

இதே ஆட்கள் ஆட்டிசம், மூளைவாதம், இளமை என்று எதற்கெல்லாமோ இதை விற்பதையும் பார்த்திருப்பீர்கள். ஆட்டிசத்துக்கு இது பலன் தரும் என்று நிறுவப்படவில்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013-லேயே எச்சரித்திருக்கிறது. அழுத்த அறைக்கு உண்மையான வேலை இருக்கும் இடங்கள் சில: முக்குளிப்பவர்களின் ரத்தத்தில் குமிழ் உண்டாவது, கார்பன் மோனாக்சைடு நச்சு, வாயு உண்டாக்கும் தசைத் தொற்று, கதிர்வீச்சுக்குப் பின் பல வருடம் கழித்துத் தாடையோ சிறுநீர்ப்பையோ பழுதாவது, திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது, அப்புறம் அப்பாவுக்கு இருப்பது போன்ற சர்க்கரைப் புண். கார்பன் மோனாக்சைடில் தத்துவம் தெளிவாகத் தெரியும். சாதாரணக் காற்றில் அது ஹீமோகுளோபினை விட்டுப் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம், சுத்த ஆக்சிஜனில் ஒன்றரை மணிக்குள், 3 வளிமண்டலத்தில் இருபது நிமிடத்துக்கு ஒட்டி. அதோடு, இடம் அடைபட்ட ஹீமோகுளோபின் விடுதலையாகும் வரை பிளாஸ்மாவே சுமக்கிறது.

கடைசியாக ஒன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள். இருபது சிட்டிங் தாண்டியதும் அப்பாவுக்குத் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியலாம், பக்கத்தில் உள்ளதைப் படிக்க மட்டும் பழைய கண்ணாடி தேவைப்படாமலும் போகலாம். கண் வில்லை தற்காலிகமாக மாறுவதால் வருவது இது. முடித்த சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகச் சரியாகும், அதுவரை புதுக் கண்ணாடி எழுதி வாங்க வேண்டாம். ஆனால் ஏற்கெனவே கண்புரை தொடங்கியிருந்தால் அது வேகமாகக் கூடலாம், எனவே முதல் சிட்டிங்குக்கு முன்பே ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.